படகில் ஆறு வாள்கள்

தட்டையான படகு ஒன்று. பின்பக்கம் நின்று ஒருவன் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுகிறான். முன்னால் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். அவள் பக்கத்தில் ஒரு குழந்தை. மூவருமே நமக்கு முதுகு காட்டித்தான் இருக்கிறார்கள். படகின் ஒரு பக்கம் தண்ணீரில் அலை நெளிகிறது, மறுபக்கம் அசைவே இல்லை. எதிர்க்கரை மங்கலாகத் தெரிகிறது. படகின் முன்பகுதியில் முனை கீழே இருக்க, ஆறு வாள்கள் செங்குத்தாக நிற்கின்றன.

டாரோ கட்டில் ‘வாள் ஆறு’ என்ற சீட்டின் படம் இதுதான். கசந்துபோன உறவிலிருந்து வெளியே வந்தவருக்கு இந்தச் சீட்டு விழுந்தால், சீட்டு பார்ப்பவர் முகம் மலர்ந்து, “கஷ்டம் முடிந்தது, அமைதியான தண்ணீருக்குப் போகிறீர்கள்” என்பார். அது தவறில்லை, ஆனால் படத்தில் பாதிதான்.

இந்தப் படத்தை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருக்காக அவர் வரைந்த கட்டு 1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. டாரோ அதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்துவிட்டது. குறி சொல்லும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பழைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் வாள் ஆறு என்றால் அலங்காரமாக அடுக்கிய ஆறு வாள்கள் மட்டுமே. ஆளும் கிடையாது, கதையும் கிடையாது. படகையும் பெண்ணையும் குழந்தையையும் கொண்டுவந்தது ஸ்மித்தின் கை. வெயிட் தன் விளக்க நூலில் கொடுத்த பொருளோ வறட்சியானது: நீர்வழிப் பயணம், வழி, தூதர், சமயத்துக்கு உதவும் உபாயம். பிரிவின் துக்கம் பற்றி அதில் பேச்சே இல்லை. குனிந்த அந்த முதுகைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் படித்துக்கொண்டதுதான் அந்தப் பொருள். என்னைக் கேட்டால், எழுதியவரைவிட வரைந்தவரையே இங்கே நம்பலாம்.

அப்படி நம்பினால் முதலில் கண்ணில் பட வேண்டியவை வாள்கள். டாரோவில் வாள் வரிசை எண்ணத்துக்கும் பேச்சுக்கும் வாக்குவாதத்துக்கும் உரியது. வரிசையின் மூன்றாம் சீட்டில் மழைமேகங்களுக்கு நடுவே ஓர் இதயத்தை மூன்று வாள்கள் துளைத்திருக்கும். ஐந்தாம் சீட்டில் சண்டை முடிந்திருக்கும். ஒருவன் வாள்களைப் பொறுக்கியபடி ஏளனமாகப் பார்க்க, தோற்றவர்கள் விலகிப் போவார்கள். ஆறில் பயணம். வலித்த இடத்தை விட்டு வருகிறாள், ஆனால் வாள்கள் பழைய கரையில் கிடக்கவில்லை, அவளோடேயே வருகின்றன. சீட்டு பார்ப்பவர்களிடையே இதற்கு ஒரு விளக்கம் உண்டு: அந்த வாள்களை இப்போதே பிடுங்கினால் துளை வழியே தண்ணீர் புகுந்து படகு மூழ்கிவிடும், கரை சேரும்வரை அவை அப்படியே நிற்கட்டும் என்பார்கள். பிரிந்து வந்த முதல் சில மாதங்களுக்கு இது நல்ல யோசனை என்றே தோன்றுகிறது. யார் மேல் தப்பு என்ற கணக்கை அப்போதே தீர்க்க உட்கார்ந்தால் மீண்டும் பழைய கரைக்கே போக வேண்டியிருக்கும்.

ஆனால் அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டதாகச் சீட்டு எங்கும் சொல்லவில்லை. வரிசையைத் தொடர்ந்து பாருங்கள். ஏழில் ஒருவன் ஐந்து வாள்களைத் திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு நழுவுகிறான். இரண்டு பின்னால் நிற்கின்றன. எட்டில் கண்ணும் கையும் கட்டப்பட்ட பெண். ஒன்பதில் நடுராத்திரி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொள்ளும் ஓர் உருவம். பத்தில் முதுகில் பத்து வாள்களோடு கிடக்கும் மனிதன். அமைதியான தண்ணீர், வரிசையின் நடுவில் கிடைக்கும் ஓர் இடைவெளி மட்டுமே. ஆறு விழுந்தவர் பத்து வரை போயே தீர வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆறு முடிவுச் சீட்டு இல்லை என்று மட்டும் அர்த்தம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஏழு வருடத் திருமணத்திலிருந்து வெளியே வந்த ஒரு பெண், மகனோடு வேறு ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். “இனிமேலாவது நிம்மதி உண்டா?” என்று கேட்கிறாள். மூன்று சீட்டுகள் விரிக்கப்படுகின்றன. கடந்ததற்கு வாள் மூன்று, நிகழ்வதற்கு வாள் ஆறு, வரப்போவதற்குக் கோப்பை இரண்டு. கோப்பை இரண்டில் ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பைகளை நீட்டுவார்கள். அவசரக்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: மனம் உடைந்தது, கிளம்பி வந்தாய், அடுத்து புதிய காதல். கேட்பவளும் அதைக் கேட்கத்தான் வந்திருப்பாள்.

நிதானமானவர் நடுச்சீட்டில் நிற்பார். முதலில், படகைத் தள்ளுகிறவன் யார் என்று கேட்பார். அவளைக் கிளம்ப வைத்தது அண்ணனா, அலுவலகத் தோழியா, வக்கீலா? கஷ்டத்தில் கைகொடுத்து அக்கரை சேர்க்கிறவர் மேல் பற்று வருவது இயல்பு. மூன்றாம் சீட்டின் ஆண், இரண்டாம் சீட்டின் படகுக்காரனாகவே இருந்தால், அது புதிய உறவா, நன்றியா என்று அவளுக்கே விளங்க நாளாகும். அடுத்து அந்த வாள்களுக்குப் பெயர் வைக்கச் சொல்வார். அவள் சொல்லக்கூடியவை பெரிய தத்துவங்களாக இருக்காது. இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டுக் கடன். மாமியாரிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது. “இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ” என்று இரவில் வரும் கேள்வி. ஆறு என்று எண்ணி முடிக்க வேண்டியதில்லை. மூன்று தேறினாலே அன்றைக்குப் போதும்.

கடைசியாகக் குழந்தையிடம் வருவார். படத்தில் அதன் முகமும் தெரியாது. பயணத்தை முடிவு செய்தது அது இல்லை. பையன் அப்பாவைப் பற்றிக் கேட்கிறானா, கேட்பதையே நிறுத்திவிட்டானா? இரண்டாவது என்றால் அலை இல்லாத அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் சத்தமில்லை என்பதை வைத்து அவன் மனதுக்குள்ளும் சத்தமில்லை என்று எண்ணிவிட முடியாது.

இதே சீட்டு தலைகீழாக விழுந்தால் இன்று பலரும் ‘கிளம்ப முடியாமல் தவிப்பு’ என்றும் ‘பழைய இடத்துக்கே திரும்புதல்’ என்றும் படிக்கிறார்கள். வெயிட் கொடுத்த தலைகீழ்ப் பொருள்கள் வேறு: வெளிப்படையாகச் சொல்லுதல், ஒப்புக்கொள்ளுதல். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சுவையாக இருக்கிறது. சொல்லாமல் விட்ட ஒரு பேச்சுதான் படகைத் திருப்பி இழுக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பேச்சைக் கணவனிடமே போய்ப் பேச வேண்டும் என்பதில்லை. அடியும் மிரட்டலும் இருந்த உறவு என்றால் பேசப் போகவே கூடாது.

கலைத்த கட்டிலிருந்து எந்தச் சீட்டு வருகிறது என்பது தற்செயல். அதற்கு எதிர்காலம் தெரியும் என்று நான் நம்பவில்லை. வந்த படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, சொல்லத் தயங்கியதைச் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான் அதன் பயன். ஆகவே “மூன்று மாதத்தில் எல்லாம் சரியாகும்” என்று நாள் குறிப்பவரும், அதே கேள்விக்கு வாராவாரம் காசு வாங்கிச் சீட்டு விரிப்பவரும் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். அந்தப் பெண் பெயர் வைத்த வாள்களில் முதலாவதான வீட்டுக் கடனுக்குச் சீட்டுக் கட்டில் விடையே கிடையாது. அதற்கு அவள் கடன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்கும் வக்கீலிடமும் போக வேண்டும்.