ஏரோது இறந்த ஆண்டு

யூதேயாவின் மன்னன் ஏரோது இறந்த ஆண்டை எந்த ஏடும் நேராகச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் ஒரு குறிப்பு மட்டும் தருகிறார்: மத்தியாஸ் என்ற ஆசிரியரை மன்னன் உயிரோடு எரித்த இரவில் சந்திர கிரகணம், பின்னர் மன்னன் இறந்தான், அதன்பின் பாஸ்கா பண்டிகை வந்தது.

எருசலேமில் தெரிந்த கிரகணங்களைக் கணக்கிட்டால் பொருத்தமானவை முக்கியமாக இரண்டு: கி.மு. 4 மார்ச் 13, கி.மு. 1 ஜனவரி 10. முதலாவது பகுதி கிரகணம். பாஸ்காவுக்குச் சுமார் ஒரு மாதமே மீதம். வெந்நீர் ஊற்றுப் பயணம், மரணம், ஆடம்பர அடக்கம், ஏழு நாள் துக்கம் எல்லாம் அதற்குள் அடங்குமா என்பதே எதிர்வாதம். இரண்டாவது முழு கிரகணம், அவகாசமும் தாராளம். வானியல் இங்கே கைவிரித்துவிடுகிறது.

தீர்ப்பை ஒரு போர் தருகிறது. கி.மு. 31இல் நடந்த ஆக்டியம் போர் ஏரோதின் ஏழாம் ஆட்சியாண்டு என்கிறார் ஜோசிஃபஸ். அப்படியானால் முதலாண்டு கி.மு. 37. அவன் 34 ஆண்டுகள் ஆண்டான். முதலாண்டையும் சேர்த்து எண்ணினால் கி.மு. 4. மகன் பிலிப்பு 37 ஆண்டுகள் ஆண்டு, திபேரியுவின் இருபதாம் ஆண்டில் இறந்தான் என்ற குறிப்பும் அங்கேதான் கொண்டுசேர்க்கிறது. சிலர் இன்னும் கி.மு. 1 என்றே வாதாடுகிறார்கள். ஆனால் ஆட்சியாண்டுக் கணக்கை வளைக்காமல் அது நிற்பதில்லை.