பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொன்னால்

திருமணப் படம் எடுக்கும் என் அக்கா மகன் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தான். வாடிக்கையாளர் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் அவனுடைய மேக்கிலிருந்து படங்களை ஏற்ற முடியவில்லை. அது விண்டோஸ் கணினிக்காக என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க். அதில் இருப்பதை மேக் படிக்கும், எதையும் எழுதாது. எழுத வைப்பதற்காக மேக்ஃபியூஸ் என்ற மென்பொருளை அவன் நிறுவத் தொடங்கியிருந்தான். பாதியில் ஒரு செய்தி வந்து நின்றது.

“மாமா, கம்ப்யூட்டரோட பாதுகாப்பையே குறைக்கச் சொல்லுது. குறைச்சா ஏதும் ஆயிடுமா?”

நல்ல கேள்வி. பலர் இதைக் கேட்காமலேயே திரை சொன்னபடி செய்துவிடுகிறார்கள்.

2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மேக்குகளிலும் அதற்குப் பின் வந்த எம் வரிசை மேக்குகளிலும், கணினியை எழுப்பும் வேலை ஒரு சங்கிலியாக நடக்கிறது. முதல் கண்ணி சிப்புக்குள்ளேயே பதிந்த ஒரு சிறு நிரல். அது தொழிற்சாலையில் பதிந்தது பதிந்ததுதான். பிறகு ஆப்பிளாலும் மாற்ற முடியாது. அது அடுத்த நிரலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து உள்ளே விடும். அந்த நிரல் தனக்கு அடுத்ததைச் சரிபார்க்கும். இப்படியே போய்க் கடைசியில் கெர்னல் எழும். மேக்ஓஎஸ்ஸின் நடுக்கரு அதுதான்: நினைவகம், டிஸ்க், கீபோர்டு எல்லாம் அதன் கைக்குள் இருக்கின்றன. அந்தக் கடைசி வாசலில் யாருடைய கையொப்பம் செல்லும், எவ்வளவு பழைய கையொப்பம் செல்லும் என்பதைத்தான் மூன்று பாதுகாப்பு நிலைகள் தீர்மானிக்கின்றன.

புது மேக் வரும்போது Full Security நிலையில் இருக்கும். இதில் மேக்ஓஎஸ்ஸை நிறுவும்போதே கணினி ஆப்பிளின் சர்வரைத் தொடர்புகொண்டு, தன் சிப்பின் தனி அடையாள எண்ணைச் சொல்லி, அந்த ஒரு சிப்புக்கு மட்டும் செல்லுபடியாகும் கையொப்பத்தை வாங்கிக்கொள்கிறது. நிறுவும் நேரத்தில் ஆப்பிள் ஏற்கும் அண்மைப் பதிப்புக்குத்தான் அது கிடைக்கும். ஐபோனிலும் இதே முறைதான். ஓட்டை கண்டுபிடித்து அடைத்துவிட்ட பழைய மேக்ஓஎஸ் ஒன்றை யாராவது திரும்பக் கொண்டுவந்து, அதன் பழைய ஓட்டை வழியாக நுழையப் பார்த்தால், இந்த நிலை அதைத் தடுக்கும்.

Reduced Security நிலையில் இரண்டு கதவுகள் திறக்கின்றன. ஆப்பிள் எப்போதோ கையொப்பமிட்ட எந்தப் பழைய மேக்ஓஎஸ்ஸும் எழலாம் என்பது ஒன்று. கையொப்பம் இல்லாதது இங்கேயும் எழாது. இரண்டாவது கதவைத்தான் மேக்ஃபியூஸ் கேட்டது: வெளியார் எழுதிய கெர்னல் எக்ஸ்டென்ஷன், சுருக்கமாக கெக்ஸ்ட், கெர்னலோடு சேர்ந்து ஓடலாம். முழுப் பாதுகாப்பு நிலையில் அதற்கு இடமே இல்லை.

சாதாரண ஆப் ஒன்று பிழை செய்தால் அந்த ஆப் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் ஓடும் நிரல் பிழை செய்தால் கணினியே விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகமெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றது நினைவிருக்கும். பாதிக்கப்பட்டவை ஏறக்குறைய 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அந்த மென்பொருளின் ஒரு பகுதி விண்டோஸின் கெர்னலுக்குள் ஓடியதால்தான் அவ்வளவு பெரிய விழுக்காடு. நல்ல எண்ணத்தோடு எழுதிய நிரலே இப்படிச் செய்யும் என்றால், கெட்ட எண்ணத்தோடு எழுதியது என்ன செய்யும்?

அதனால்தான் இந்த மாற்றத்தை மவுஸ் சொடுக்கி முடிக்க விடாமல் ஆப்பிள் வைத்திருக்கிறது. மேக்கை முழுதாக அணைத்து, பவர் பட்டனை அழுத்தியபடியே பிடித்திருக்க வேண்டும். தொடக்க விருப்பங்கள் வந்ததும் Options, பிறகு Continue. மேலே Utilities மெனுவில் Startup Security Utility. அங்கே மேக்ஓஎஸ் இருக்கும் டிஸ்க்கைத் தேர்ந்து, Security Policy-யை அழுத்தி, Reduced Security-யைக் குறித்து, அதன் கீழே அடையாளம் தெரிந்த நிறுவனங்களின் கெக்ஸ்டுகளைப் பயனரே நிர்வகிக்க அனுமதிக்கும் கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்கும். திரும்ப வந்து, System Settings-இல் Privacy & Security பக்கத்தில் அந்த கெக்ஸ்டுக்குத் தனியாக அனுமதி கொடுத்து, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தால்தான் அது ஓடும்.

இத்தனை சுற்று எதற்கு என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். தொலைவிலிருந்து உங்கள் கணினிக்குள் புகுந்த திருடனால் எதை வேண்டுமானாலும் டைப் செய்ய முடியலாம், ஆனால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க விரல் வேண்டும். சிப்புக்குள் தனியாக இயங்கும் செக்யூர் என்கிளேவ் என்ற பகுதி, அந்தப் பட்டன் வழியாக வந்த ரெக்கவரியில் இருக்கும்போதுதான் பாதுகாப்பைக் குறைக்கும் ஆணையில் கையொப்பமிடும்.

மூன்றாவது நிலையான Permissive Security அந்தத் திரையில் தேர்வாகக் கிடைக்காது. ரெக்கவரியின் டெர்மினலில் கட்டளை கொடுத்துத்தான் அங்கே இறங்க முடியும். பெரும்பாலோர் இறங்குவது இந்த ஒரு வரியால்:

```
csrutil disable
```

சிஸ்டம் கோப்புகளை யாரும் தொடாதபடி காக்கும் ஏற்பாட்டை இது நிறுத்துகிறது. கூடவே அந்த மேக்ஓஎஸ்ஸைத் தளர்ந்த நிலைக்கும் கொண்டுபோகிறது. இங்கே ஆப்பிள் கையொப்பமிடாத கெர்னலும் எழலாம். அதற்கான ஒப்புதலை உங்கள் கணினியின் செக்யூர் என்கிளேவே, உங்கள் பாஸ்வேர்டின் பேரில் கொடுக்கும். ஆப்பிள் மேக்கில் லினக்ஸை ஓடவைக்கும் அசாஹி லினக்ஸ் குழுவினருக்கு வழி கொடுத்தது இந்த நிலைதான். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதுகாப்பு நிலை கணினி முழுமைக்குமானதல்ல, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி. லினக்ஸ் தளர்ந்த நிலையில் இருக்க, அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதியில் மேக்ஓஎஸ் முழுப் பாதுகாப்போடு இருக்கலாம். ஆனால் யாரோ இணையத்தில் சொன்னார்கள் என்று அன்றாடம் வங்கிக் கணக்கு பார்க்கும் மேக்ஓஎஸ்ஸில் அந்தக் கட்டளையைக் கொடுப்பது வேறு கதை. அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் மேக் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ரெக்கவரிக்குப் போக வேண்டியதில்லை. பழைய கணினி வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். டெர்மினலைத் திறந்து:

```
system_profiler SPiBridgeDataType
```

வரும் பட்டியலில் Secure Boot என்ற வரி நிலையைச் சொல்லும். System Integrity Protection என்ற வரியில் Enabled என்று இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அதே பவர் பட்டன் வழியாகப் போய் Full Security-ஐத் தேர்ந்தால் போதும். டிஸ்க்கை அழிக்க வேண்டியதில்லை. காவலை நிறுத்தியிருந்தவர்கள் முதலில் ரெக்கவரி டெர்மினலில் `csrutil enable` கொடுக்க வேண்டும். இணைய இணைப்பு இருப்பது நல்லது.

அக்கா மகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: “அந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸாத்தான் இருக்கணுமா?” எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் மேக்கும் விண்டோஸும் இரண்டுமே எழுதும், கெக்ஸ்ட் எதுவும் வேண்டாம். அவன் தன்னிடமிருந்த காலி டிஸ்க் ஒன்றை எக்ஸ்ஃபேட்டாக மாற்றி, படங்களை அதில் ஏற்றிக் கொடுத்தான். மேக்ஃபியூஸை நீக்கிவிட்டு, அந்தப் பட்டியலைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். Secure Boot: Full Security என்று இருந்தது.