நூற்றுக்கு எத்தனை பேர்?

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைத் தொட்டவர்களிலும் தாண்டியவர்களிலும் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அச்சில் இந்த வரிக்கு ஒரு குறையும் இல்லை. புரியாவிட்டால் கண் திரும்பிப் போய் இன்னொரு முறை படித்துக்கொள்ளும். இதையே ஊர்ச் சமுதாயக் கூடத்து மைக்கில் ‘பதினான்கு புள்ளி நான்கு விழுக்காடு’ என்று ஒரு மருத்துவர் சொன்னால், அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று கேட்பவர் யோசித்து முடிப்பதற்குள் பேச்சு சிறுநீரகத்துக்குப் போயிருக்கும்.

14.4-ஐ 14 ஆக்குவதில் யாருக்கும் நட்டமில்லை. தசமத்துக்குப் பின்னால் இருக்கும் 4, கேட்பவர் எடுக்கப்போகும் எந்த முடிவையும் மாற்றாது. “நூத்துக்குப் பதினாலு பேர்” என்றால் போதும். “ஏழு பேர்ல ஒருத்தர்” என்றும் சொல்லலாம். ஒன்றை ஏழால் வகுத்தால் 14.3, ஏறக்குறைய அதே கணக்குதான். 50 பேர் உட்கார்ந்து போகும் டவுன் பஸ்ஸில் ஏழு பேர் என்றால் இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கக் கூடாது. ஆய்வு பெரியவர்களைப் பற்றியது. உவமை சொல்லும் வேகத்தில் முதலில் காணாமல் போவது இந்த வயதுக் கணக்குதான். பிறகு ‘ஊரில் ஏழில் ஒருவருக்கு’ என்று செய்தி பரவி, கைக்குழந்தை வரை எல்லோரும் அந்தக் கணக்கில் ஏறிவிடுவார்கள்.

‘ஏழில் ஒருவர்’ தனியாக நிற்கும்வரைதான் நன்றாக இருக்கும். இந்தியா முழுவதற்குமான அளவு 11.4 சதவீதம், அதாவது ஒன்பதில் ஒருவர். “இந்தியாவில் ஒன்பதில் ஒருவர், நம் மாநிலத்தில் ஏழில் ஒருவர்” என்று அடுத்தடுத்துச் சொன்னால், பெரிய எண்ணான ஒன்பதுதான் அதிக ஆபத்து என்று பலருக்குப் படும். உண்மை அதற்கு நேர்மாறு. இரண்டை ஒப்பிட வேண்டியிருந்தால் அடி எண்ணை மாற்றக் கூடாது: அங்கே நூற்றுக்குப் பதினொன்று, இங்கே நூற்றுக்குப் பதினாலு. அதே ஆய்வு நாட்டில் 101 மில்லியன் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது. மேடையில் மில்லியனைக் கோடியாக்கும்போது ஒரு சுழியம் தவறுவது எளிது. வீட்டிலேயே மாற்றி எழுதிக்கொண்டு வருவது நல்லது. “பத்துக் கோடிப் பேர், 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்களே ஏழு கோடிச் சொச்சம்தான்” என்றால் அளவு பிடிபடும்.

முழுமையாக்கவே கூடாத எண்ணும் இதே பேச்சில் வரும். மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி சோதனையில் 6.5-ஐத் தொட்டால் நோய் என்று கணக்கு. 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை. பேச்சாளர் சுருக்கமாக ‘ஏழு’ என்று சொல்லிவிட்டால், 6.7 வைத்திருப்பவர் நமக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார். “ஆறரை” என்று சொல்வதற்கு என்ன சிரமம்? இன்னொரு சங்கடம், இதுவும் சதவீதம்தான். ஆனால் ஆட்களின் சதவீதமல்ல, ரத்தத்தில் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினின் அளவு. முன்பு சொன்ன பதினாலும் இந்த ஆறரையும் ஒரே சாதி எண்கள் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். அதனால் ஆட்களைச் சொல்லும்போது ‘பேர்’, சோதனையைச் சொல்லும்போது வெறும் ‘ஆறரை’ என்று பிரித்துவிடலாம். சதவீதம் என்ற சொல்லே தேவைப்படாது.

எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைக் காட்டுவார்கள். மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரை, ரத்தக்கட்டு ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறது என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பொய்யில்லை. பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு வந்தது, புதியதில் இருவருக்கு வந்தது. ஆனால் செய்திகளில் ஒலித்தது ‘இரண்டு மடங்கு’ மட்டும்தான். பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள். கர்ப்பமே அந்த மாத்திரையைவிட அதிகமாக ரத்தக்கட்டு ஆபத்தைத் தருவது என்பதுதான் கொடுமை. “ஏழாயிரம் பேரில் ஒருவருக்கு வந்தது இருவராகிறது” என்று முழுதாகச் சொல்ல ஐந்து விநாடி பிடித்திருக்கும்.

எண் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. “புரிந்ததா?” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள்; அதில் பயனில்லை. கூட்டம் கலையும்போது இரண்டு மூன்று பேரிடம், “வீட்டுக்குப் போய் என்னக்கா சொல்லுவீங்க?” என்று கேட்க வேண்டும். “நூத்துக்குப் பதினாலு பேருக்கு இருக்காம், பெரியவங்களுக்கு” என்று வந்தால் சரி. “பாதிப் பேருக்கு இருக்காம்” என்று வந்தால், அடுத்த ஊருக்குப் போகும் முன் குறிப்பேட்டில் அந்த வரியை மாற்றி எழுத வேண்டியதுதான்.