நாமினியும் வாரிசும்

பாங்கில் டிபாசிட் போடுகிறவர், தமக்குப் பின் அத்தொகையை எவரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் பெயரைப் படிவத்தில் குறிக்கிறார். அவ்வாறு குறிக்கப்பட்டவரே நாமினி என்னும் நியமனதாரர். பெயர் எழுதப்பட்டவருக்கே பணம் சொந்தம் என்பது பலருடைய எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை வேறு; அதனை அனுபவிக்கும் உரிமை வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் இங்கே காண்போம்.

டிபாசிட்டுக்கு நியமனம் செய்யும் வசதி, 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பாங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. டிபாசிட்தாரர் இறந்தபின் உண்மையான வாரிசுகள் எவரெவர் என்று ஆராயும் பொறுப்பு பாங்குக்கு இருத்தலாகாது என்பதே அதன் கருத்து. நாமினியிடம் பணத்தைக் கொடுத்தவுடன் பாங்கின் கடன் தீர்ந்துவிடுகிறது. ஆனால் அப்பணத்தின்மேல் வேறொருவருக்குள்ள உரிமை தீர்வதில்லை. அவர் அதனை நாமினியிடமிருந்து கோரிப் பெறலாம் என்று அதே சட்டப் பிரிவு சொல்லுகிறது.

இது 2010ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. நாமினியாகக் குறிக்கப்பட்ட ஒருவர், கணக்கிலிருந்த தொகை முழுவதும் தமக்கே உரியது என்று வாதாடினார். கோர்ட்டு அதனை ஏற்கவில்லை. பணத்தைப் பெறும் உரிமை நாமினிக்கு மட்டுமே உண்டு. எனினும் அவர் அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அது இறந்தவருடைய சொத்தின் ஒரு பகுதியாகவே இருந்து வாரிசுச் சட்டப்படி சேரவேண்டியவர்களைச் சேரும் என்று தீர்ப்பளித்தது.

இதன் பலனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பெங்களூர் அலசூரில் வசிக்கும் ஓர் இந்துக் குடும்பத் தலைவர், தாம் சம்பாதித்த 12 லட்சம் ரூபாயை டிபாசிட் செய்து, மனைவியை நாமினியாகக் குறித்து, உயில் எழுதாமல் காலமானார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயது முதிர்ந்த தாய் ஆகிய நால்வர் இருக்கின்றனர். பாங்கு 12 லட்சத்தையும் மனைவியிடமே கொடுக்கும். ஆயினும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு மூன்று லட்சம் உரியது. முழுத்தொகையும் தமக்கென்று நம்பியிருந்த மனைவிக்கு மூன்று லட்சமே மிஞ்சும். தாயின் பங்கைப் பலர் மறந்துவிடுகின்றனர். அத்தாய் பின்னர் காலமானால், அப்பங்கு அவருடைய மற்ற மக்களுக்கும் போய்ச் சேரக்கூடும்.

மனைவிக்கே முழுவதும் சேரவேண்டும் என்பது அவர் விருப்பமாயின், அதற்குரிய சாதனம் உயில்தான். வெள்ளைத் தாளில் எழுதலாம். முத்திரைத் தாள் தேவையில்லை. எழுதியவர் சாட்சிகள் இருவர் அறியக் கையொப்பமிட வேண்டும். அவர்களும் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பயன் பெறுகிறவரையே சாட்சியாக வைக்காதிருத்தல் நன்று. பதிவு செய்வது கட்டாயமன்று. எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால், கையொப்பத்தைப் பற்றிய ஐயம் பின்னர் எழுவது குறையும்.

டிபாசிட்டை ரசீது எண்ணால் மட்டும் உயிலில் குறிப்பது தொல்லைக்கு இடமாகும். தவணை முடிந்து புதுப்பிக்கும்பொழுது எண் மாறக்கூடும். உயிலில் உள்ளது எந்த டிபாசிட் என்று தகராறு எழும். பாங்கின் பெயரையும் கிளையையும் எழுதி, 'நான் இறக்கும் நாளில் அங்கு என் பெயரில் உள்ள தொகை முழுவதும்' என்று குறிப்பதே தெளிவு.

உயிலில் ஒருவர் பெயரும் பாங்கில் வேறொருவர் பெயரும் இருந்தால் என்ன ஆகும்? பாங்கு நாமினியிடமே பணத்தைக் கொடுக்கும். உயிலால் உரிமை பெற்றவர் ஒரு கடிதம் எழுதி அதனைத் தடுக்க இயலாது. கோர்ட்டின் உத்தரவு வேண்டும். பணம் கைமாறிய பின்னரோ, நாமினியின் மீதே வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்குள் அவர் அதனைச் செலவழித்துவிட்டால் வசூலிப்பது கடினம். ஆகவே இரண்டிலும் ஒரே பெயர் இருப்பது உத்தமம்.

2025 நவம்பர் 1ஆம் தேதி முதல் ஒரு டிபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினிகளாகக் குறித்து, இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். இதனால் உயில் வேண்டியதில்லை என்று கருதுதல் பிழை. அந்தச் சதவீதம், பாங்கு எவரிடம் எவ்வளவு கொடுக்கும் என்பதையே காட்டும். எவருக்கு எவ்வளவு சொந்தம் என்பதை அன்று.

உயிலின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. இந்து ஒருவர் தமக்கே உரிய சொத்து முழுவதையும் உயிலால் விரும்பியவர்க்கு அளிக்கலாம். முஸ்லிம் ஒருவரோ, வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அளிக்க இயலாது.

டிபாசிட் ரசீதைக் கையில் எடுத்து இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இப்பணத்தைப் பாங்கிலிருந்து வாங்குபவர் எவர்? வாங்கியபின் அது எவருக்குச் சொந்தம்? முதற் கேள்விக்கு நியமனப் படிவம் விடை கூறும். இரண்டாவதற்கு உயில் விடை கூறும். உயில் இல்லையேல், அந்த விடையை வாரிசுச் சட்டம் கூறும். அது நாம் நினைத்த விடையாக இராமலும் போகலாம்.