கடைசி எழுத்தைக் கவனியுங்கள்

குறுஞ்செய்தி வந்தால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, எரிச்சலோடு அழித்துவிடுகிறோம். தலைப்பில் இருக்கும் அனுப்புநர் பெயரை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. விளம்பரத் தொல்லையை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அந்தப் பெயர் VM-ABCDEF-P என்பதைப் போல இருக்கும். முதல் எழுத்து எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனம் என்பதையும், இரண்டாவது எந்த மண்டலம் என்பதையும் காட்டுகிறது. நடுவில் இருப்பது அனுப்பும் வியாபாரி பதிவு செய்த பெயர். 2025-இல் டிராய் விதிகளைத் திருத்தியபோது கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்தது. P என்றால் விளம்பரம், S என்றால் சேவைத் தகவல், T என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனைச் செய்தி, G என்றால் அரசுச் செய்தி.

டிஎன்டி எனப்படும் 'தொல்லை வேண்டாம்' பதிவு தடுப்பது P வகையைத்தான். "டிஎன்டி போட்டால் பேங்க் ஓடிபி வராமல் போய்விடுமே" என்று தயங்குபவர்கள் பலர். அந்தப் பயம் வேண்டாம், T வகைக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தமில்லை.

பதிவு செய்ய, எந்த எண்ணுக்குத் தொல்லை வருகிறதோ அந்த எண்ணிலிருந்தே 1909-க்கு இப்படி அனுப்ப வேண்டும்:

```
START 0
```

எல்லா விளம்பரமும் வேண்டாம் என்று இதற்குப் பொருள். கட்டணம் கிடையாது. ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும். விளம்பரம் உடனே நிற்கவில்லையே என்று மறுநாளே சலித்துக்கொள்ளாமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். வங்கி, வீட்டு மனை, கல்வி, மருத்துவம், உணவு என வகை பிரித்துத் தடுக்கவும் வழியுண்டு. மனை தேடிக்கொண்டிருப்பவர் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தடுக்கலாம். அதற்கு நம் நிறுவனத்தின் செயலியோ டிராயின் டிஎன்டி செயலியோ வசதி. குறியெண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பதிவுக்குப் பிறகும் மனை விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தியை அழிக்காதீர்கள். வந்த 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். முன்பு 3 நாள்தான் அவகாசம் இருந்தது. செய்தியின் வாசகம், அனுப்பியவர் பெயர் அல்லது எண், வந்த தேதி ஆகிய மூன்றையும் காற்புள்ளியிட்டு 1909-க்கு அனுப்பலாம்:

```
வீட்டு மனை விற்பனைக்கு, VM-ABCDEF-P, 14/06/25
```

பலருடைய புகார் இங்கேதான் வீணாகிறது. செய்தியை மட்டும் அப்படியே 1909-க்குத் தள்ளிவிட்டு, அனுப்பியவர் பெயரையும் தேதியையும் விட்டுவிடுகிறார்கள். யார் மேல் நடவடிக்கை எடுப்பது? முறையாக அனுப்பினால் புகார் எண் வரும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்களே சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள்" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். துணிக்கடை பில் கவுண்டரில் எண்ணைச் சொன்னபோதோ, ஏதோ ஒரு செயலியில் கட்டத்தைத் தட்டியபோதோ அந்தச் சம்மதம் போயிருக்கலாம். நாமே கொடுத்த சம்மதத்தை டிஎன்டி தடுக்காது. விளம்பரச் செய்தியிலேயே விலகும் வழி இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. அதன் வழியே சம்மதத்தைத் திரும்பப் பெற வேண்டும். கடைசியில் S என்று போட்டுக்கொண்டு, உள்ளே தள்ளுபடி விற்பனை பேசும் செய்திகளும் வரும். என்னைக் கேட்டால், முதலில் புகார் செய்ய வேண்டியது இவற்றைத்தான். விளம்பரத்தைச் சேவைத் தகவல் என்று வேஷம் போட்டு அனுப்புவது தெரிந்தே செய்யும் வேலை.

சாதாரண பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால் அது பதிவு செய்யாத ஆசாமி. இங்கே நாம் டிஎன்டியில் இருக்கிறோமா இல்லையா என்ற கேள்வியே இல்லை, யாரும் புகார் செய்யலாம். ஒரே அனுப்புநர் மேல் 10 நாளுக்குள் 5 பேர் புகார் கொடுத்தால் நடவடிக்கை தொடங்கும். குற்றம் உறுதியானால் முதல் முறை 15 நாளுக்கு அந்த ஆளின் இணைப்புகளிலிருந்து எதுவும் வெளியே போகாது. மறுபடியும் செய்தால் இணைப்புகள் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஒருவர் புகாரால் பயனில்லை என்று தோன்றும்போது இந்த ஐந்து என்ற எண்ணை நினைத்துக்கொள்ளலாம். தெருவில் ஐந்து வீட்டுக்கு அதே கடன் விளம்பரம் வந்திருக்கும். ஐந்து பேரும் அனுப்பினால் போதும்.

"மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், இந்த லிங்க்கைத் தொடுங்கள்" போன்றவை விளம்பரத் தொல்லையே அல்ல, மோசடி. அவற்றைச் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்க வேண்டும். பணம் போய்விட்டால் அங்கே நேரத்தைக் கழிக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் வியாபாரச் செய்திகளை டிஎன்டி தொடாது, அவை குறுஞ்செய்தி வழியில் வருவதில்லை. அவற்றை அந்தச் செயலிக்குள்ளேயே தடுத்து, அங்கேயே புகாரளிக்க வேண்டும்.