தூணருகே ரிங் எவ்வளவு நெருக்கம்?

கான்கிரீட் பீமில் நடுப்பகுதியில் வரும் விரிசல் நேராக எழும்பும். தூணுக்கு அருகே வருவது சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரியில் ஓடும். இரண்டாவது வகைக்குத்தான் அஞ்சவேண்டும். அது வெட்டுவிசையின் வேலை. அதிக முன்னறிவிப்பில்லாமல் பீமை உடைத்துவிடும். சாய்ந்த விரிசலின் குறுக்கே நின்று இரு பக்கத்தையும் தைத்துப் பிடிப்பவை, நம் கம்பி கட்டுபவர்கள் ‘ரிங்’ என்று சொல்லும் ஸ்டிரப்புகள்.

எத்தனை ரிங் வேண்டும்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரு தூண்களுக்கு இடையே 5 மீட்டர் இடைவெளி, பீம் 230 மிமீ அகலம், 450 மிமீ ஆழம், எம்25 கான்கிரீட். பாதுகாப்புக் காரணி 1.5 சேர்த்த சுமை மீட்டருக்கு 6 டன். இரு முனையும் சமமாகப் பங்கிட்டால் தூணின் முகத்தில் வெட்டுவிசை 15 டன்.

ஆனால் அந்த 15 டன்னுக்கு வடிவமைக்க வேண்டியதில்லை. மேல்கம்பியிலிருந்து பீமின் அடி வரையுள்ள பயனுறு ஆழம் இங்கே 410 மிமீ. தூணிலிருந்து அந்தத் தூரத்துக்குள் விழும் சுமை சாய்வாக நேரே தூணுக்குள் இறங்கிவிடும். அதனால் ஐஎஸ் 456 விதி, முகத்திலிருந்து 410 மிமீ தள்ளி உள்ள விசையை எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது: 12.5 டன். (அந்தத் தூரத்துக்குள் வேறொரு பீம் பெரும் பாரத்தைக் கொண்டுவந்து வைத்தால் இந்தச் சலுகை செல்லாது.)

மேலே மூன்று 20 மிமீ கம்பிகள் இருந்தால் கான்கிரீட்டே சுமார் 6 டன் தாங்கும். மீதி 6.5 டன் ரிங்குகளின் பொறுப்பு. இரண்டு கால் கொண்ட 8 மிமீ ரிங் ஒன்று சுமார் 3.6 டன் இழுக்கும். எஃப்இ500 கம்பி வாங்கியிருந்தாலும் ரிங்குக்கு 415-ஐத்தான் கணக்கில் எடுக்க விதி இடம் தருகிறது. 45 டிகிரி விரிசல் கிடையாக 410 மிமீ நீளும், அதற்குள் 1.8 ரிங் விழவேண்டும். ஆக 225 மிமீ இடைவெளி. முகத்திலிருந்து சுமார் 70 செமீ தாண்டினால் விசை 11 டன்னுக்குக் கீழே இறங்கும். அங்கே விதியின் உச்சவரம்பான 300 மிமீ போதும்.

இது நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுக்காத கதை. 2016-ஆம் ஆண்டின் மண்டலப் பிரிவில் சென்னை மூன்றாம் மண்டலம். அங்கே ஐஎஸ் 13920 குறுக்கிடுகிறது: ஆழத்தைப்போல் இருமடங்கு தூரம், அதாவது 82 செமீ வரை, 100 மிமீக்கு ஒரு ரிங், அதற்கப்பால் 200 மிமீ. நிலநடுக்கத்தில் பீமின் முனை முன்னும் பின்னும் வளையும்போது, நெருங்கிய ரிங்குகளே கான்கிரீட்டைச் சிதறவிடாமல் பொத்திவைக்கும். அந்நிலையில் வெட்டுவிசையும் கூடக்கூடும். அதைப் பொறியாளர் தனியே பார்க்கவேண்டும்.

தளத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. பீம் முழுக்க ஒரே 6 அங்குலம் வைத்துக் கட்டிவிடுவார்கள். நடுவில் அது தேவைக்கு மேல். தூணருகே தேவைக்குக் குறைவு. கான்கிரீட் கொட்டுமுன் டேப்பை நீட்டிப் பாருங்கள்: முதல் ரிங் தூண் முகத்திலிருந்து 50 மிமீக்குள் இருக்கவேண்டும். அப்படியே கொக்கியையும் பாருங்கள். 90 டிகிரியில் மடித்தது, மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் விரிந்துவிடும். 135 டிகிரி மடித்து, முனை குறைந்தது 65 மிமீ உள்ளே போயிருக்கவேண்டும்.