அறிவை ஒளி என்றது ஏன்?
ஸுஹ்ரவர்தீயின் இஷ்ராக்கியத் தத்துவம்



அந்தி மங்கிய பின் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகேறியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். இறங்குதுறையையும் அங்கே நிற்போரையும் நமக்குக் காட்டித் தருவது விளக்கு. ஆனால், அவ்விளக்கைக் காண்பதற்கு இன்னொரு விளக்கை எவரும் தேடுவதில்லை. தானும் வெளிப்பட்டு, பிறவற்றையும் வெளிப்படுத்துவதே ஒளி. இவ்வியல்பின் மீதே 'இஷ்ராக்' எனும் தத்துவம் எழுப்பப்பட்டது. ஒளி உதித்தல் என்பது அச்சொல்லின் பொருளாகும்.

இதனைத் தோற்றுவித்தவர் பாரசீகத்தில் கி.பி. 1154இல் பிறந்த ஷிஹாபுத்தீன் யஹ்யா அஸ்ஸுஹ்ரவர்தீ ஆவார். 'ஹிக்மத்துல் இஷ்ராக்' என்ற தமது நூலை 1186இல் நிறைவுசெய்தார். ஹலப் நகர உலமாக்களின் குற்றச்சாட்டையடுத்து, சுல்தான் ஸலாஹுத்தீனின் ஆணைப்படி 1191இல் கொல்லப்பட்டார். 'அவாரிஃபுல் மஆரிஃப்' எழுதிய ஸூஃபிப் பெரியார் உமர் அஸ்ஸுஹ்ரவர்தீ வேறொருவர். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவரெனக் கருதுவோர் உளர்.

அவர் எழுப்பிய வினா எளியது: 'நான்' என்பதை நான் எவ்வாறு அறிகிறேன்? ஒரு பொருளின் உருவம் உள்ளத்தில் பதிவதே அறிவு என்பது அக்காலத் தத்துவவாதிகளின் கருத்து. அவ்வாறாயின், என்னை அறியவும் என் உருவமொன்று என்னுள் பதிய வேண்டும். அந்த உருவமோ எனக்கு 'அது', 'நான்' அன்று. மேலும், அது என்னுடைய உருவந்தான் என்று எதனைக் கொண்டு ஒப்பிட்டு உறுதிசெய்வேன்? என்னை முன்னரே அறிந்திருந்தால் மட்டுமே அது இயலும். எனவே, தன்னை அறிதல் உருவத்தின் வழியாக நிகழ்வதன்று. விரலில் மீன்முள் தைத்தவன் வலியின் படத்தைப் பார்த்து வலியை அறிவதில்லை. வலியே அவனிடம் பிரசன்னமாக இருக்கிறது. இத்தகைய நேரடி அறிவே 'இல்முல் ஹுழூரீ' எனப்படுகிறது. இன்னொரு விளக்கின்றித் தெரியும் விளக்கைப் போன்றதே, இடையில் உருவமின்றித் தன்னை அறியும் ஆன்மா. ஆகவே, ஸுஹ்ரவர்தீக்கு ஒளி வெறும் உவமையன்று. ஆன்மாவே ஓர் ஒளி. அவ்வொளிகள் யாவும் 'நூருல் அன்வார்', அதாவது ஒளிகளின் ஒளியிலிருந்தே வருகின்றன என்றார் அவர். ஸூரத்துந் நூரின் 35ஆவது வசனத்தை விளக்கி இமாம் கஸ்ஸாலி 'மிஷ்காத்துல் அன்வார்' எழுதியது இவருக்கு முன்னராகும்.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். கண்பார்வையையும் அவர் இவ்வாறே விளக்கினார்: பொருள் ஒளிபெற்றிருந்து, கண் நலமாயிருந்து, இடையில் திரை இல்லையெனில் ஆன்மா அப்பொருளையே நேரடியாகக் காண்கிறது; கண்ணில் உருவம் பதிவதில்லை. ஆனால், விழித்திரையில் பிம்பம் விழுகிறது என்பதை இன்றைய பாடசாலை மாணவரும் அறிவர். கண் இயங்கும் முறையில் அவர் கூற்று நிலைக்கவில்லை. விழுந்த பிம்பத்தைக் 'காண்கிறேன்' என்று உணர்பவர் யார் என்ற வினாவோ இன்றும் தீரவில்லை.

வலியை உணர்பவன் அதன் காரணத்தையும் அறிந்தவனாகி விடுவதில்லை. அதற்கு ஆய்வு வேண்டும். 'எனக்கு உள்ளொளி கிடைத்தது, கல்வி எதற்கு?' என்போருக்கு ஸுஹ்ரவர்தீயிடம் ஆதாரம் இல்லை. தர்க்கமுறைத் தத்துவத்தை முதலில் கற்றுத் தேர்ந்த பின்னரே தமது நூலை அணுக வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனையாகும்.